கல்லில் ஏறாத ஆறுதல்

சாமி,

கல் செதுக்குகிறவர் நேற்றும் போன் செய்தார். அண்ணன் நினைவாகப் பஸ் ஸ்டாப்பில் நாம் கட்டுகிற நிழற்குடைக்கான கல்லைச் சேலத்தில் அறுத்து, மெருகு போட்டு, தயாராக வைத்திருக்கிறாராம். "எத்தன பத்தின்னு மட்டும் முடிவாச் சொல்லிருங்க டீச்சர், நிழற்குடை வேலை முடியறதுக்குள்ள கல்லைக் கொண்டாந்து பதிச்சிரலாம்" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ அவரிடம் அனுப்பியிருந்தது ஐந்து பத்திகள். கல்லில் ஏறப்போவது நான்கு. உன்னிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை; சொல்லிவிட்டுச் செய்ய எந்தத் தயக்கமும் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கோபத்தில் மூலையில் போட்டாலும் மறுநாள் எடுத்துப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவள் நான்.

அண்ணனின் வருட நினைவு நாளன்று உன் கவிதையை நீயே வாசித்தாய். பந்தலில் இருந்தவர்கள் அழுதார்கள், கடைசியில் கையும் தட்டினார்கள். சாவு வீட்டுப் பந்தலில் கைதட்டுகிறார்களே என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு நன்றாக நீ முடித்துவிட்டிருந்தாய். சாப்பாடு ஆனதும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசிப் பத்தியைக் கல்லில் போட வேண்டாம் என்றேன். உன் முகம் சுருங்கியது. "ஏம்மா, செத்துப்போன அண்ணனுக்கு எழுதுனதுலயும் நீ சிவப்பு மையில சுழிக்கோணுமா?" என்று கேட்டாய். அன்று சாயங்காலமே பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய். போய்ச் சேர்ந்ததும் ஒரு குரல் பதிவு அனுப்பினாய். "அந்தக் கடைசிப் பத்தியக் கேட்ட அன்னைக்குத்தான் அப்பா ஒழுங்கா உக்காந்து சாப்பிட்டாரு. அது போதாதா உனக்கு?" இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கப்பாவின் சோற்றில் கை வைக்கிற வேலை இது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் இரங்கல் பாட்டு நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அதன் போக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். முதலில் அடி விழுந்த அதிர்ச்சி. பிறகு இறந்தவரைப் பார்த்துக் கேள்வி, சண்டை. பிறகு அவர் விட்டுப்போன பொருள்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. அதற்கப்புறம் ஒரு திருப்பம், அதன்பின் ஆறுதல். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்குவார்கள். ஆனால் எல்லா இரங்கல் பாட்டும் ஆறுதலில் முடிந்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நம் பழைய கையறுநிலைப் பாட்டுகளில் பல, கை ஓய்ந்து நிற்கிற இடத்திலேயே நின்றுவிடும். பாடியவன் கண்ணைத் துடைத்துவிட்டுப் போக அவசரப்படவில்லை. நம் பக்கத்தில் ஒப்பாரி வைக்கிற பெண்களைக் கேட்டிருப்பாய். எழவு வீட்டில் அவர்கள் யாரையும் தேற்றுவதில்லை. தேற்ற வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே நாற்காலியில் இருப்பார்கள்.

அதற்காக ஆறுதலே கூடாது என்று சொல்கிற கல் நெஞ்சுக்காரி இல்லை நான். எனக்கும் வேண்டும். உங்களையெல்லாம்விட எனக்குத்தான் அதிகம் வேண்டும். அதனால்தான் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறேன்.

இப்போது உன் கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு படி. முதல் பத்தி:

மதியச் சோற்றில் கை வைத்தேன்,
போன் அடித்தது.
அந்தச் சோறு
இன்னும் அந்தத் தட்டில் இருக்கிறது.

இதற்கு ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சத்தீஸ்கரிலிருந்து வந்த அந்தப் போனை நீதான் எடுத்தாய். அண்ணன் வேலை பார்த்த போர்வெல் ரிக் வண்டியில் இரும்புக் குழாய் இறக்கும்போது சங்கிலி நழுவி அவன்மேல் விழுந்தது என்று வண்டிக்காரர் சொன்னதை நீதான் முதலில் கேட்டாய். எங்களிடம் சொல்லும்வரை அதை நீ மட்டும் வைத்துக்கொண்டிருந்தாய். அந்தச் சோறு தட்டில் இருப்பது பொய் என்று எனக்குத் தெரியும், நானே எடுத்துக் கொட்டினேன். ஆனாலும் கவிதையில் அது உண்மை. பொய் சொன்னதற்காகக் கடைசிப் பத்தியை நான் வெட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே. கவிதையில் எது பொய், எது உண்மை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் பத்தியில் சண்டைக்குப் போகிறாய்.

இத்தனை ஆழம் தெரிந்தவனே,
ஒரு சங்கிலியைத் தெரியவில்லையா உனக்கு?
சொல்லாமல் எழுந்து போனவனே,
யாரைக் கேட்பேன் நான்?
வண்டியையா, மண்ணையா, உன்னையா?

பந்தலில் உங்க பெரியப்பா இந்த இடத்தில் நெளிந்தார். செத்தவனை இப்படி ஏசலாமா என்று பக்கத்தில் கேட்டார். ஏசத்தான் வேண்டும். எனக்கும் அவன்மேல் கோபம் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. இங்கே நீ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாய், சாமி. கேட்டுவிட்டால் கவிதைக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது. பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பதில் இல்லை என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டும். காதில் விழாததுபோல் எழுந்து போகக் கூடாது.

மூன்றாம் பத்தியில் அவன் சட்டை. கொடியில் காய்கிறது. எத்தனை துவைத்தாலும் சிவப்பு போகவில்லை, எந்த ஊர் மண்ணோ என்கிறாய். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். நீ அதைக் கவனித்தாய் என்பதே கவிதையைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு நான்காவது:

புகைதான் வந்தது அன்று.
குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டு
வரப்பில் போய் உட்கார்ந்தாய்,
காட்டுக்காரர் பக்கத்தில்.
தண்ணி இல்லைங்க என்றாய்.
எழுந்து போகவில்லை.

இது எந்த நாள் என்று நமக்குத் தெரியும். பனமரத்துப்பட்டிப் பக்கம் நல்லம்மாவின் காடு; வயலில் போர் போட அண்ணனின் வண்டியைக் கூப்பிட்டிருந்தார்கள். நீ லீவில் வந்திருந்தாய், வேடிக்கை பார்க்க அண்ணனோடு வண்டியில் போயிருந்தாய். ஆழம் போகப் போகத் தண்ணீர் வரவில்லை, வெறும் தூசிதான் புகையாகக் கிளம்பியது. மேனேஜர் போனில் கத்துகிறார், அடுத்து போர் போடுகிற பாயிண்டுக்கு வண்டி போக வேண்டும். இவன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, நல்லம்மாவின் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அவர் எழுந்த பிறகுதான் இவனும் எழுந்தானாம். நீ வீட்டுக்கு வந்து, "அண்ணன் எதுக்கும்மா அங்க போயி சும்மா உக்காந்துட்டிருந்தான்?" என்று என்னிடம் கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். எனக்கும் தெரியவில்லை. உன் கவிதைக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது ஐந்தாவது.

ஆனாலும் அண்ணா, நீ சாகவில்லை!
தொட்ட மண்ணெல்லாம் நீராய் எழுவாய்,
பூக்கும் பூவெல்லாம் உன் புன்னகை,
வானத்து விண்மீனாய்
வழிகாட்டு எங்களுக்கு.

கைதட்டல் இங்கேதான் வந்தது. நான் தட்டவில்லை. பந்தலின் பின்வரிசையில் இன்னொருத்தியும் தட்டவில்லை. நல்லம்மா. அவளுடைய வீட்டுக்காரர் இப்போது பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்குப் போகிறார், அன்றைக்கு ஷிஃப்ட் என்பதால் இவள் மட்டும் வந்திருந்தாள். பந்திக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். வாசல்வரை போய்க் கையைப் பிடித்தேன். "இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். "இருக்கட்டுங்க டீச்சர், பஸ்ஸு போயிரும்" என்றாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சின்னத் தம்பி நல்லாத்தானுங்க எழுதியிருக்குது. தொட்ட மண்ணெல்லாந் தண்ணின்னு வருதுங்களே... அப்ப எங்க காட்டப் பெரிய தம்பி தொடவே இல்லீங்களாட்டமிருக்குது."

குத்திக்காட்டவில்லை அவள். அழுதுகொண்டுதான் சொன்னாள். அவள் தேடி வந்தது உன் நான்காம் பத்தியை, சாமி. அதை நீ வாசித்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள், நான் பார்த்தேன். தன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தவனை ஒரு பந்தலே கேட்கும்படி சொல்லிவிட்டாயே என்று விம்மினாள். அடுத்த மூச்சில் நீயே அதை அழித்துவிட்டாய். உன் வரியில் அவள் காடு இல்லாமல் போய்விட்டது, அவள் வீட்டுக்காரர் இல்லாமல் போய்விட்டார், வரப்பும் போயிற்று. எல்லாம் நீராய் எழுந்துவிட்டது.

அவள் போனபிறகு உன் கவிதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் சொன்னதற்காக மட்டும் வெட்டச் சொல்வதாக நினைக்காதே. நான்காம் பத்திக்கும் ஐந்தாம் பத்திக்கும் நடுவில் ஒரு வரி இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் என்ன நடந்தது? அழுதுகொண்டிருந்தவன் "ஆனாலும்" என்கிறானே, எதைக் கண்டான், எதைக் கேட்டான், எது அவனை அசைத்தது? ஒன்றுமே இல்லை. கவிதை முடிய வேண்டிய நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதுவரை "நான்", "நீ" என்று இரண்டே பேர் இருந்த கவிதையில் திடீரென்று "எங்களுக்கு" என்று கூட்டம் புகுந்துவிட்டது. அதுவரை மூச்சு வாங்கி வாங்கி உடைந்து வந்த வரிகள், பூக்கும் பூ புன்னகை, வானத்து விண்மீன் வழிகாட்டு என்று மோனை கட்டி நடக்க ஆரம்பிக்கின்றன. துக்கப்பட்டவன் எழுந்து போய்விட்டான். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு யாரோ.

இன்னொன்றும் செய்து பார்த்தேன், சிரிக்காதே. போன மாதம் தவறிப்போன எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தாரின் பெயரைப் போட்டு உன் கடைசிப் பத்தியை வாசித்தேன். பூவும் புன்னகையும் விண்மீனும் அவருக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆயுசில் ஒருநாள் சிரித்திராத மனுஷன் அவர். திருச்செங்கோட்டில் பிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனால் இந்த வரிகளைக் கணினியில் தயாராக வைத்திருப்பார்கள். உன் முதல் நான்கு பத்திகளை அப்படி யாருக்கும் மாட்ட முடியாது, முயன்று பார். ஐந்தாவதில் உன் அண்ணனுக்கென்று இருப்பது தண்ணீர் வரி ஒன்றுதான். அந்த ஒன்றுதான் பொய். தட்டில் இருக்கும் சோற்றைப் போன்ற பொய் இல்லை இது. அந்தப் பொய் துக்கத்தைப் பார்க்க வைக்கிறது. இது பார்க்காமல் இருக்க வைக்கிறது.

அந்தச் சட்டையின் சிவப்பு கடைசியில் திரும்பி வந்திருந்தால், வேறொரு பொருளோடு வந்திருந்தால், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இரண்டாம் பத்தியில் நீ கேட்ட கேள்விக்கு முன்னால் ஒரு தடவை நின்றிருந்தால், விண்மீனைக்கூட மன்னித்திருப்பேன். ஆறுதல் துக்கத்துக்கு உள்ளேயிருந்து வர வேண்டும். அழுதபோது கையில் இருந்த பொருள்களே, கேட்ட கேள்விகளே, கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறி வர வேண்டும். அப்படி வந்தால் அது சம்பாதித்தது. வெளியே போய் வாங்கிக்கொண்டு வந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது இரவல்தான்.

இதில் எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம் வேறு. நீ சம்பாதித்துவிட்டாய், அது உனக்கே தெரியவில்லை. இரண்டாம் பத்தியில் அவனை என்னவென்று ஏசினாய்? "சொல்லாமல் எழுந்து போனவனே." நான்காம் பத்தி எப்படி முடிகிறது? "எழுந்து போகவில்லை." அதே சொல். நீ வேண்டுமென்று வைத்தாயா, தானாக வந்து உட்கார்ந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே கவிதை திரும்பிவிட்டது. நம்மை விட்டு எழுந்து போனவன் யார் என்று கேட்டால், கொடுக்க ஒன்றுமில்லாத இடத்திலும் எழுந்து போகாதவன். கேள்விக்கு அது பதிலாகாது, சாவுக்கு ஈடாகாது. ஆனால் அவன்மேல் எனக்கிருந்த கோபம் அந்த வரியில் ஒரு நிமிஷம் நின்றது. ஒரு வருஷத்தில் வேறெதுவும் அதைச் செய்யவில்லை. "ஆனாலும்" என்ற சொல்லே இல்லாமல் நீ திருப்பத்தைக் கொண்டுவந்துவிட்டாய். அதன்பிறகும் அது ஆறுதலாகத் தெரியாமல், ஊருக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைத் தேடிப் போய்விட்டாய். இழவுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் கொண்டுவந்தார்களே, "விதி", "கொடுத்து வெச்சது அவ்வளவுதான்", "நல்ல சாவு, படுக்கையில கெடக்கல" என்று. அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன், மரியாதைக்காக. என் மகன் வாயிலிருந்தும் அதையே கேட்க என்னால் முடியாது.

இனி உங்கப்பா. அவரிடம் மறைத்து எதையும் செய்யவில்லை. நான்காம் பத்தி, ஐந்தாம் பத்தி இரண்டையும் வாசித்துக் காட்டினேன், நல்லம்மா சொன்னதையும் சொன்னேன். உங்கப்பாவுக்குக் கோபம் வந்தது. "ஏன் புள்ள, பொய்யாவே இருந்துட்டுப் போகுது. சோறு எறங்குதில்ல? உனக்கு என்ன நட்டம்?" என்றார். அவர் பொய் என்று தெரிந்தேதான் சாப்பிட்டிருக்கிறார், சாமி. "உங்க போன்ல கெடக்குதுங்களே, எத்தன தடவ வேணும்னாலும் போட்டுக் கேளுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கல்லுல வேண்டாமுங்க. அந்த ஸ்டாப்புல நாளைக்கு நல்லம்மா வந்து நிப்பா. அவளாட்டம் எத்தன பேரு காட்டுல நம்ம பையன் புகை பாத்திருக்கறான்? அவங்களும் வந்து நிப்பாங்க" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இன்று காலையில் கல் செதுக்குகிறவர் மறுபடி போன் செய்தார். நான் அடுப்படியில் இருந்தேன், உங்கப்பா எடுத்தார். "நாலு பத்தி வெட்டுங்க. அஞ்சாவது இப்ப வேண்டாமுங்க" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லீங்க, கல்லச் சின்னதாக்க வேண்டாம். கீழ அந்த எடத்த அப்படியே உட்டு வெய்ங்க" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் காட்டுப் பக்கம் போனார். அவர் என் பேச்சை ஏற்றுக்கொண்டார் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஏற்கவில்லை. மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அதற்கு நான்தான் பொறுப்பு. அதை உன்மேலும் போடமாட்டேன், நல்லம்மா மேலும் போடமாட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதே, கேட்கமாட்டேன். ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த அரிசியும்பருப்புச் சோறு செய்யப்போகிறேன். நாளைக்கும் செய்வேன். சாப்பிடுகிறவரை பக்கத்தில் இருப்பேன்.

நீ எழுதுவதை நிறுத்திவிடாதே. கோபத்தில் அதைச் செய்கிற ஆள் நீ. உனக்கு எழுத வராமல் இருந்திருந்தால் நான் இத்தனை பக்கம் எழுதி மல்லுக்கட்டியிருக்க மாட்டேன், "நல்லா இருக்குது சாமி" என்று சொல்லித் தலையைத் தடவி அனுப்பியிருப்பேன். கல்லில் இடம் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து உனக்கு ஒரு வரி கிடைக்கலாம். உனக்கே ஒரு பிள்ளை பிறந்து, அவனுக்குப் பெரியப்பனைப் பற்றிச் சொல்லும்போது கிடைக்கலாம். கிடைத்தால் வா, நானே உளி பிடிக்கிறவரைக் கூட்டிவருகிறேன். கிடைக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கட்டும். ஊர்க்காரர்கள் கேட்பார்கள், காசு போதவில்லையா என்பார்கள், கல் செதுக்கினவர் ஏமாற்றிவிட்டாரா என்பார்கள். கேட்கட்டும். பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன், என் மகன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று.

அம்மா